மார்த்தாண்டத்தை நிரப்புவதா, பாறசாலைக்குப் போவதா: ஓர் ஆர்டரில் மிஞ்சும் தொகையை வைத்து ஓர் ஒப்பீடு

கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் நாளொன்றுக்கு 300 ஆர்டர்களை வீடுகளுக்குக் கொண்டுசேர்க்கும் ஒரு சிறு உணவு விநியோக நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அதன் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. மாநில எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரை வரை விநியோகத்தை நீட்டலாம். அல்லது இருக்கும் ஊரிலேயே வேலையை நெருக்கமாக்கலாம். கணக்கு புரிவதற்காக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன்.

சராசரி ஆர்டரின் உணவு விலை 320 ரூபாய். உணவகம் தரும் 20 சதவீதக் கமிஷன் 64 ரூபாய். வாடிக்கையாளர் தரும் டெலிவரி கட்டணம், வரி போக, 25 ரூபாய். ஆக வரவு 89 ரூபாய். டெலிவரி செய்பவருக்கு 42 ரூபாயும் பணப் பரிவர்த்தனைக்கு 7 ரூபாயும் போனால் 40 ரூபாய் மிஞ்சுவதாகத் தோன்றும். பெரும்பாலானோர் கணக்கை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். தள்ளுபடிக் கூப்பனில் நிறுவனம் ஏற்கும் 12 ரூபாய், தவறிய ஆர்டர்களுக்குத் திருப்பித் தரும் 5 ரூபாய், வாடிக்கையாளர் அழைப்புகளுக்கு ஆகும் 4 ரூபாய் ஆகியவையும் ஆர்டரோடு சேர்ந்தே வரும் செலவுகள் என்பதால், உண்மையில் மிஞ்சுவது 19 ரூபாய்தான்.

இதில் இன்னொரு மயக்கமும் உண்டு. 2022 ஜனவரி முதல், செயலி வழியாக விற்கும் உணவக உணவுக்கான 5 சதவீத ஜிஎஸ்டியை வாடிக்கையாளரிடம் வாங்கிச் செயலி நிறுவனமே செலுத்த வேண்டும்; தன் கொள்முதலுக்கு ஏற்கெனவே கட்டிய வரியை, அதாவது உள்ளீட்டு வரி வரவை, இதற்குப் பயன்படுத்த முடியாது, பணமாகவே கட்ட வேண்டும். ஆர்டருக்கு 16 ரூபாய் வீதம் மாதம் 9,000 ஆர்டர்களுக்கு 1,44,000 ரூபாய், கட்டும் நாள்வரை வங்கிக் கணக்கில் கிடக்கும். அந்த இருப்பைப் பார்த்து விரிவாக்கத்துக்குத் துணிபவர், அரசின் பணத்தைத் தன் லாபமாக எண்ணிக்கொள்கிறார்.

அலுவலகம், ஊழியர், மென்பொருள் என்று மாதச் செலவு 2,10,000 ரூபாய் என்று வைத்தால், 19 ரூபாய் வீதம் 1,71,000 ரூபாய்தான் தேறும். 39,000 ரூபாய் துண்டு விழும். ஆர்டரைக் கூட்டினால் சரியாகிவிடும் என்ற எண்ணமே எல்லை தாண்டத் தூண்டுகிறது.

ஆனால் அந்த 42 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். டெலிவரி செய்பவருக்கு மணிக்கு 84 ரூபாய் உறுதியளிக்கப்பட்டிருக்கிறது. அவர் மணிக்கு இரண்டு ஆர்டர் கொண்டுபோகிறார். பாறசாலையில் தொடக்கத்தில் கடைகளும் வீடுகளும் சிதறிக் கிடப்பதால் மணிக்கு 1.2 ஆர்டர்தான் அமையும் என்றால், அதே செலவு 70 ரூபாயாகிறது. புதிய உணவகங்களை ஈர்க்கக் கமிஷனை 16 சதவீதமாக்கினால் வரவு 76 ரூபாய். புதிய வாடிக்கையாளருக்கான கூப்பன் 30 ரூபாய். எல்லாம் கழித்தால் ஆர்டருக்கு 40 ரூபாய் நட்டம். நாளுக்கு 60 ஆர்டர் வந்தால் மாதம் 72,000 ரூபாய் போகும். கேரளத்து உணவகங்களைச் சேர்ப்பதற்கு அந்த மாநிலத்தில் எடுக்க வேண்டிய தனி ஜிஎஸ்டி பதிவின் கணக்குவேலையும், அங்கே அமர்த்தும் ஆட்களின் சம்பளமும் வேறு. என்னை அதிகம் கவலைப்படுத்துவது இந்தத் தொடக்க நட்டம்கூட அல்ல. அந்த ஊர் முதிர்ந்து, மணிக்கு இரண்டு ஆர்டரும் 12 ரூபாய்க் கூப்பனும் என்ற நிலை வந்த பிறகும், 16 சதவீதக் கமிஷனில் மிஞ்சுவது 6 ரூபாய்தான். ஒருமுறை குறைத்துக் கொடுத்த கமிஷனைப் பின்னர் உயர்த்துவது எளிதல்ல.

மார்த்தாண்டத்திலேயே நிற்கும் வழியில் தேவைப்படுவது ஐந்து நிமிடம். ஓர் ஆர்டருக்கு இப்போது ஆகும் 30 நிமிடம் 25 ஆனால், மணிக்கு 2.4 ஆர்டர் அமைந்து, டெலிவரி செலவு 35 ரூபாயாகும். மிஞ்சுவது 26 ரூபாய். ஓர் ஆர்டர்கூடக் கூடாமலே மாதம் 2,34,000 ரூபாய் தேறி, மாதச் செலவு போக 24,000 ரூபாய் நிற்கும். மணிக்கூலி குறைவதில்லை, வீணாகும் நேரமே குறைகிறது. அந்த நேரம் பெரும்பாலும் கடை வாசலில்தான் போகிறது: பரோட்டா கல்லில் கிடக்கும்போதே ஆளை அழைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு கடையிலும் ஆள் வந்த நேரத்தையும் பொட்டலம் கைக்கு வந்த நேரத்தையும் இரண்டு வாரம் குறித்து, தாமதிக்கும் கடைகளுக்கு ஆளைப் பிந்தி அனுப்பினாலே பாதி வேலை முடியும். ஒரே கடையில் ஒரே திசைக்கு வரும் இரண்டு ஆர்டர்களைச் சேர்த்து அனுப்புவது மீதியைச் செய்யும்.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. சராசரியில் மறைந்திருக்கும் பிற்பகல் மூன்று முதல் ஐந்து மணிவரை, மணிக்கு ஓர் ஆர்டர்தான் வருகிறது என்றால், ஒவ்வொன்றிலும் 23 ரூபாய் நட்டமாகிறது. அந்நேரத்தில் ஆட்களைக் குறைக்காமல் கடை வாசலில் மிச்சமாகும் நேரம் மட்டும் போதாது. இருபருவ மழையும் பெய்யும் மாவட்டம் என்பதால், மழை நாட்களின் கணக்கைத் தனியே வைக்க வேண்டும். இல்லையேல் ஒரு நல்ல மாதத்தைக் கண்டு ஏமாந்துபோவோம்.

ஆகவே, மார்த்தாண்டத்தில் 26 ரூபாய் தொடர்ந்து மூன்று மாதம், ஒரு மழை மாதத்தையும் உள்ளடக்கி, நிலைக்கும் வரை எல்லை தாண்டக் கூடாது என்பதே என் முடிவு. அதன் பிறகு களியக்காவிளையின் தமிழ்நாட்டுப் பக்கத்துக் கடைகளோடு மட்டும் தொடங்கி, கூப்பன் இல்லாமல் எத்தனை பேர் இரண்டாவது முறை ஆர்டர் செய்கிறார்கள் என்று பார்த்த பின்பே, பாறசாலைக் கடைக்காரர்களிடம் பேசலாம். அப்போதும் 20 சதவீதத்திலிருந்து இறங்காமல் பேச வேண்டும்.