ஸ்ட்ரைக் விலையருகே பங்கு நிற்கிறது: கடைசி இரவு வைத்திருப்பதா, அடுத்த வாரத்துக்குத் தள்ளுவதா?

புட் ஆப்ஷனை விற்பவர், வாங்கியவர் கேட்டால் ஸ்ட்ரைக் என்ற முன்பே குறித்த விலைக்கு அவரிடமிருந்து பங்கை வாங்கியாக வேண்டும்; அதற்குக் கிடைக்கும் பணம்தான் பிரீமியம். வெள்ளிக்கிழமை காலாவதியாகும் அமெரிக்கப் பங்குகளின் புட்டைச் சிங்கப்பூரிலிருந்து விற்பவர்களிடம் இந்தக் கேள்வி வியாழக்கிழமைதோறும் வரும். ஸ்ட்ரைக் 100 டாலர், பங்கும் 100, விலையின் ஆண்டு ஏற்ற இறக்க அளவான வாலட்டிலிட்டி 30% என்று வைத்துக்கொள்வோம்.

கிடைப்பது
வைத்திருந்தால்: 100 பங்குக்கான ஒரு ஒப்பந்தத்தில் மிச்சப் பிரீமியம் சுமார் 63 டாலர், அதுவும் பங்கு இறங்காவிட்டால் மட்டும்.
தள்ளினால்: இதை வாங்கி மூடி, எட்டு நாள் புட்டைச் சுமார் 177 டாலருக்கு விற்கலாம்.

காமா
பங்கு ஒரு டாலர் நகர்ந்தால் புட் விலை எவ்வளவு நகரும் என்பது டெல்டா; அந்த டெல்டா மாறும் வேகம்தான் காமா.
வைத்திருந்தால்: பங்கு ஒரு டாலர் இறங்கியதும் டெல்டா 0.50லிருந்து 0.74க்குத் தாவும். அடுத்த டாலர் இறக்கம் ஏறக்குறைய முழுசாக உங்கள் தலையில் விழும். இரண்டு டாலர் இறங்கினால் நட்டம் ஏறக்குறைய 140 டாலர். அந்த 63க்காக இவ்வளவு!
தள்ளினால்: அதே ஒரு டாலருக்கு டெல்டா சுமார் 0.58தான். யோசிக்க நேரம் இருக்கும். ஆனால் ஆபத்து போய்விடவில்லை, ஒரு வாரம் நீள்கிறது.

தூக்கம்
வைத்திருந்தால்: கோடையில் சந்தை மூடுவது நம் அதிகாலை 4 மணி. 100.05ல் மூடினாலும் நிம்மதி இல்லை. வாங்கியவர் அதற்குப் பிறகும் ஒன்றரை மணிநேரம் வரை எக்சர்சைஸ் செய்ய, அதாவது பங்கை உங்களிடம் விற்க, முடிவெடுக்கலாம். சனிக்கிழமை கணக்கில் 100 பங்கு இருக்கலாம்.
தள்ளினால்: வியாழன் இரவே வேலை முடிந்துவிடும்.

அந்தப் பங்கை வாங்கவே விரும்பி, 10,000 டாலரைத் தயாராக வைத்திருப்பவர் வைத்திருக்கட்டும். முழுப் பணம் இல்லாமல் மார்ஜினில் விற்றவர் தள்ளட்டும், இல்லையேல் மூடிவிடட்டும்.