மாடிக் கூடத்தில் சுற்றிய வட்டம்: ஸ்மார்ட் டிவியுடன் மூன்று ஆண்டுகள்

திருநெல்வேலியில் உள்ள எங்கள் வீட்டில் இணைய இணைப்பு தரைத்தளத்தின் வாசலறையில் இருக்கிறது. டிவி மாடிக் கூடத்தில் இருக்கிறது. ஃபைபர் கம்பி தெருவிலிருந்து எந்தச் சன்னல் வழியாக எளிதில் உள்ளே வந்ததோ அங்கேயே ரவுட்டரையும் பொருத்திவிட்டுப் போனார்கள். 43 அங்குல 4கே டிவியை வாங்கிய முதல் வாரத்திலேயே, படம் ஓடி ஒன்றரை நிமிடத்தில் நின்று நடுவில் வட்டம் சுற்றத் தொடங்கியது. புகார் கொடுத்தேன். வந்த இணைய நிறுவனத்து ஊழியர் ரவுட்டருக்கு அருகே நின்று தம் கைப்பேசியில் வேகத்தைச் சோதித்து, 96 மெகாபிட் என்ற எண்ணைக் காட்டி, "லைன் நல்லாத்தான் இருக்கு சார், உங்க டிவியிலதான் ஏதோ" என்றார். டிவி நிறுவனத்தின் சேவை மையத்தைக் கேட்டால், "நெட் ஸ்லோவா இருக்கும் சார்" என்றார்கள். இருவர் சொன்னதும் வெவ்வேறு காலத்தில் உண்மை என்பதை அறிய எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

அதை அறியச் செய்தது டிவியிலேயே உள்ள ஒரு வசதிதான். யூடியூப் செயலியில் ஒரு காணொளி ஓடும்போது அமைப்புகளுக்குள் சென்றால் Stats for nerds என்ற தெரிவு இருக்கும். அதைத் தட்டினால் திரையின் மூலையில் சிறிய எழுத்துகளில் சில எண்கள் ஓடும். அவற்றில் மூன்றைப் பார்த்தால் போதும். Connection Speed என்பது அந்தக் காணொளி வந்து சேரும் வேகம். அது Kbps, அதாவது நொடிக்கு இத்தனை கிலோபிட் என்ற அலகில் இருக்கும் என்பதால், மெகாபிட்டாக மாற்ற ஆயிரத்தால் வகுத்துக்கொள்ள வேண்டும். Buffer Health என்பது இன்னும் எத்தனை நொடிக்கான படம் டிவியின் கையிருப்பில் உள்ளது என்பதைக் காட்டும். மூன்றாவது, திரையில் வராமல் தவறவிடப்பட்ட பிரேம்களின் எண்ணிக்கை. அவ்வப்போது வந்து சேரும் தரவைக் காட்டும் Network Activity இடையிடையே சுழியத்துக்கு இறங்குவதைப் பார்த்து நான் முதலில் அஞ்சினேன். கையிருப்பு நிரம்பிவிட்டால் டிவி சற்று நேரம் எதையும் கேட்டு வாங்காது என்பதே அதன் பொருள்.

இந்த எண்களைப் படிக்க, எந்தப் படத்துக்கு எவ்வளவு வேகம் வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் தன் பயனர்களுக்குச் சொல்லும் அளவு, 1080p எனப்படும் முழு ஹெச்டி படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட், 4கே படத்துக்கு 15 மெகாபிட். யூடியூப் 4கே காணொளிக்கு 20 மெகாபிட் வேண்டும் என்கிறது. 4கே திரையில் உள்ள புள்ளிகள் ஏறத்தாழ 83 லட்சம். முழு ஹெச்டியில் 21 லட்சத்துக்குச் சற்றே குறைவு. புள்ளிகள் நான்கு மடங்காகும்போது வேகம் மூன்று மடங்கு மட்டும் ஆவதற்குக் காரணம், 4கே படங்கள் பெரும்பாலும் ஹெச்இவிசி, விபி9, ஏவி1 போன்ற பிற்காலச் சுருக்க முறைகளில் வருவதுதான். சுருக்கத்தின் அளவை அறிய வட்டுடன் ஒப்பிடலாம்: 4கே புளூரே வட்டில் பிட்ரேட் நொடிக்கு 100 மெகாபிட்டைத் தாண்டியும் செல்ல இடமுண்டு. இருண்ட காட்சிகளில் இணையவழிப் படம் படிக்கட்டு படிக்கட்டாகத் தெரிவது இதனால்தான்; அது பஃபர் கோளாறு அன்று.

மெகாபிட்டையும் மெகாபைட்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பதும் நல்லது. எட்டு பிட் சேர்ந்து ஒரு பைட். நொடிக்கு 15 மெகாபிட் வீதம் ஒரு மணி நேரம் பார்த்தால் 6.75 ஜிபி செலவாகும். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் நாளொன்றுக்கு 2 ஜிபி வைத்திருப்பவர் டிவியில் 4கே பார்த்தால் பதினெட்டு நிமிடத்தில் அது தீர்ந்து, வேகம் அடியோடு விழுந்து, வட்டம் சுற்றத் தொடங்கும். எங்கள் உறவினர் ஒருவர் இதை டிவியின் பழுது என்றே எண்ணி மாதக்கணக்கில் வருந்தினார்.

இனி எங்கள் வீட்டுக் கணக்கு. மாடிக் கூடத்தில் Connection Speed ஏறத்தாழ 10,000 Kbps, அதாவது 10 மெகாபிட் காட்டியது. நானோ புதிய டிவியின் பெருமையில் தரத்தை 2160p, அதாவது 4கே என்று கையால் பூட்டி வைத்திருந்தேன். ஓடிய காணொளிக்கு ஏறத்தாழ 16 மெகாபிட் தேவைப்பட்டது. ஆகவே ஒரு நொடிப் படம் செலவாகும் நேரத்தில் 0.625 நொடிக்கான படம்தான் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு நொடியும் கையிருப்பில் 0.375 நொடி கரைந்தது. தொடக்கத்தில் 30 நொடி இருந்த Buffer Health சரியாக 80 நொடியில் சுழியமாகிவிடும். ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை நின்றதன் மர்மம் இவ்வளவுதான். தரத்தைத் தானியங்கி நிலைக்கு மாற்றியதும் டிவி 1080p-க்கு இறங்கியது, வட்டம் மறைந்தது. தானியங்கி நிலையில் செயலி படத்தைச் சில நொடித் துண்டுகளாகக் கேட்டு வாங்குகிறது. கையிருப்பு குறையும்போது அடுத்த துண்டைக் குறைந்த தரத்தில் வாங்கிச் சமாளிக்கிறது. கையால் பூட்டினால் அந்தச் சமாளிப்புக்கு இடமில்லை.

ஆயினும் கீழே 96 மெகாபிட், மேலே 10 மெகாபிட் என்ற வேறுபாடு தீரவில்லை. இங்கே நான் இரண்டு தவறுகள் செய்தேன். முதலாவது, 200 மெகாபிட் திட்டத்துக்கு மாறியது. மாடியில் 10 அப்படியே 10-ஆக இருந்தது. அடைப்பு குழாயின் நடுவில் இருக்கும்போது மேல்நிலைத் தொட்டியைப் பெரிதாக்கிப் பயனில்லை. இரண்டாவது, படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு மலிவான வைஃபை ரிப்பீட்டரைச் செருகியது. அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் இயங்குவது. ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் கிடைக்கும் வேகத்தில் பாதியை அதுவே தின்றுவிடும். டிவியில் வைஃபை குறியீடு முழுக் கோடுகளுடன் நின்றது; படம் முன்னிலும் மோசமாக நின்றது. கோடுகள் காட்டுவது டிவிக்கும் ரிப்பீட்டருக்கும் இடையிலான அலையின் வலிமையை மட்டுமே.

2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மேற்படியாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. எங்கள் தெருவில் ஏறக்குறைய எல்லா வீட்டு ரவுட்டர்களும் அவற்றுள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, ஆனால் அது கான்கிரீட் தளத்தைக் கடந்து மாடிக்கு வருவதற்குள் மெலிந்துவிட்டது. ரவுட்டருக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் நின்ற இரும்பு பீரோ எஞ்சியதையும் மறித்தது. பீரோவை நகர்த்தியபோது டிவியில் 10 என்பது 18 ஆனது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். மாடியில் வேகத்தைக் கூட்டியவற்றுள் செலவில்லாத திருத்தம் அது ஒன்றுதான்.

கடைசியில் கேட் 6 கேபிள் 22 மீட்டர் வாங்கி, எலக்ட்ரீசியனை வைத்துப் படிக்கட்டு ஓரமாக மேலே ஏற்றினேன். டிவியின் பிரௌசரில் வேகம் அளக்கும் fast.com தளத்தைத் திறந்தபோது 93 மெகாபிட் வந்தது. எதற்கு 200 கட்டினோம் என்று தேடிப் பார்த்தால், டிவியின் ஈதர்நெட் துளை 100 மெகாபிட் வகையைச் சேர்ந்தது. விலை கூடிய பல டிவிகளிலும் இதே நிலைதான். ரவுட்டருக்கு அருகே டிவி வைத்திருப்பவர்க்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இதைவிடக் கூடுதல் எண்ணைக் காட்டக்கூடும். ஆனால் 20 மெகாபிட் கேட்கும் படத்துக்கு 93-ம் 300-ம் ஒன்றே. கேபிளின் சிறப்பு, அந்த 93 காலையிலும் இரவிலும் பக்கத்து அறையில் நான்கு கைப்பேசிகள் இயங்கும்போதும் அசையாமல் நிற்பதில் இருக்கிறது. மீண்டும் 100 மெகாபிட் திட்டத்துக்கு இறங்கிவிட்டேன்.

ஓராண்டு நிம்மதியாக ஓடியது. பிறகு இரவு 9 மணிக்கு மேல் மட்டும் வட்டம் திரும்பி வந்தது. இம்முறை மடிக்கணினியை ரவுட்டரிலேயே கேபிளால் இணைத்து, மற்றக் கருவிகளை அணைத்துவிட்டு, ஒரு வாரம் காலை 7 மணிக்கும் இரவு 9.30-க்கும் அளந்து குறிப்பேட்டில் எழுதினேன். காலையில் 94, 95. இரவில் 9, 14, 11 என்று போயிற்று. ரவுட்டர் வரைக்குமே வேகம் வராதபோது வீட்டுக்குள் எதைத் திருத்தியும் ஆவது ஒன்றுமில்லை. அந்தப் பகுதியின் இணைப்புகள் எல்லாம் மாலையில் ஒரே பாதையில் நெரிகின்றன என்றே கொள்ள வேண்டும். குறிப்பேட்டைக் காட்டினேன், இரண்டு மாதம் பொறுத்தேன், பிறகு நிறுவனத்தை மாற்றினேன். டிஎன்எஸ் முகவரியை மாற்றினால் சரியாகும் என்று நண்பர்கள் சொன்னதையும் செய்து பார்த்தேன். டிஎன்எஸ் என்பது பெயரைக் கேட்டு முகவரி சொல்லும் வேலை மட்டுமே. சாலையை அது அகலப்படுத்துவதில்லை. சில வேளைகளில் அருகிலிருக்கும் சர்வரை விட்டுத் தொலைவில் உள்ளதற்கு நம்மை அனுப்பிவிடவும் கூடும்.

மூன்றாம் ஆண்டில் வந்த கோளாறு வேறு வகை. படம் விக்கி விக்கி ஓடியது, சில நேரம் உறைந்தது. ஆனால் Buffer Health 40 நொடிக்கு மேல் நிறைந்தே நின்றது, தவறிய பிரேம்களின் எண்ணிக்கை மட்டும் நொடிக்கு நொடி ஏறியது. படம் வந்து சேர்ந்துவிட்டது, அதை விரித்துக் காட்ட டிவிக்குத் திராணி இல்லை. அதன் 8 ஜிபி சேமிப்பில் மீதி 200 எம்பி கூட இல்லை. பயன்படுத்தாத செயலிகளை நீக்கி, மற்றவை தற்காலிகமாகச் சேர்த்து வைத்திருந்த கேஷை அழித்தேன். ரிமோட்டில் அணைப்பது டிவியை உறங்க வைக்கிறதே தவிர நினைவகத்தைத் துடைப்பதில்லை என்பதால், சுவரில் பிளக்கைக் கழற்றி இரண்டு நிமிடம் கழித்து மாட்டினேன். விக்கல் நின்றது. நொடிக்கு 60 பிரேம் கொண்ட 4கே காணொளிகளில் மட்டும் இப்போதும் எப்போதாவது தலைகாட்டுகிறது. அது இந்தச் சிப்பின் எல்லை.

நேரலைக் கிரிக்கெட் இன்னும் முழுதாக வசப்படவில்லை. திரைப்படத்தில் அடுத்த அரை நிமிடத்தை முன்கூட்டியே வாங்கி வைக்கலாம். நேரலையில் இன்னும் வீசப்படாத பந்தை எங்கிருந்து வாங்குவது? கையிருப்பு சில நொடிகளே இருப்பதால், வேகம் சற்றுத் தடுமாறினாலும் வட்டம் வந்துவிடுகிறது. கையிருப்பைக் கூட்டினால் ஒளிபரப்பு அந்த அளவுக்குப் பின்தங்கும். தரத்தைத் தானியங்கியில் விட்டு, தாமதத்தைப் பொறுத்துக்கொள்கிறோம். கேபிள் டிவி வைத்திருக்கும் எதிர்வீட்டில் "அவுட்" என்று கத்துவது எங்கள் வீட்டுப் பந்துவீச்சாளர் ஓடத் தொடங்கும் முன்பே கேட்டுவிடுகிறது.