கழுத்து நெறிகட்டி ஆபரேஷன்: ஆக்சிஜன், ஸ்பிரிட், காட்டரி மூன்றில் எதை மாற்றுவது?

ஒரு வழக்கமான கேஸை எடுத்துக்கொள்வோம். 40 வயது ஆள், எடை 60 கிலோ. கழுத்தின் இடது பக்கம், பின்பகுதியில் 2 செ.மீ. நெறிகட்டி. டி.பி.யா, லிம்ஃபோமாவா என்று தெரிய அதை முழுதாக எடுத்து பயாப்சிக்கு அனுப்ப வேண்டும். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியிலும் நடக்கும், தெருமுனை நர்சிங் ஹோமிலும் நடக்கும் வேலைதான் இது. மரத்துப்போகும் ஊசி, கொஞ்சம் மயக்கம், அரை மணி நேரம், சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம்.

சின்ன ஆபரேஷன் என்பதாலேயே தீ விபத்துக்கு இது தோதான இடமாகிறது. மூக்கில் ஆக்சிஜன் குழாய், அதிலிருந்து ஒரு சாண் தூரத்தில் காயம், அந்தக் காயத்தைச் சுற்றி ஸ்பிரிட் தடவிய தோல், அதன்மேல் மின்சூட்டால் திசுவை வெட்டி ரத்தம் நிறுத்தும் கருவியான காட்டரியின் பொறி. பெரிய வயிற்று ஆபரேஷனில் மூச்சுக்குழாயில் டியூப் போட்டு மூடியிருப்பார்கள். ஆக்சிஜன் வெளியே கசிவது குறைவு. இங்கே அது திறந்தபடி முகத்தின்மேல் ஓடுகிறது. அமெரிக்காவில் காப்பீட்டு வழக்குகளை அலசி 2013-இல் வெளியான ஆய்வில், ஆபரேஷன் தியேட்டர் தீயில் சுமார் 90 சதவீதத்துக்குப் பொறி கொடுத்தது காட்டரிதான். பெரும்பாலானவை கழுத்து, தலை, மேல்மார்பில், நோயாளி டியூப் இல்லாமல் மயக்கத்தில் இருந்தபோது நடந்தவை.

தீக்கு மூன்றும் வேண்டும்: எரிபொருள், ஆக்சிஜன், பொறி. எதை விலக்குவது எளிது, எதை நம்பலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மூக்குக் குழாயா, காற்றுக் கலவையா, எல்.எம்.ஏ.வா?

மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு 4 லிட்டர் ஆக்சிஜன் வைப்பது பலருக்கும் கைப்பழக்கம். அந்த அளவில் நோயாளி இழுக்கும் காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 36 சதவீதம். பிரச்சினை அவர் இழுப்பதில் மட்டுமில்லை. மிச்சம் வெளியே வழிந்து முகத்தின்மேல் போர்த்திய துணிக்குள் தேங்குகிறது. ஆக்சிஜன் காற்றைவிடச் சற்றே கனம். வெளியேற வழியில்லாமல் கழுத்துப் பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அப்போது துணியின் நார்களும் தோலின் பூனைமுடிகளும் சாதாரணக் காற்றில் எரிவதைவிடப் பல மடங்கு வேகமாகப் பற்றும். முகமூடி இன்னும் மோசம், கசிவு அதிகம்.

முதல் கேள்வி, ஆக்சிஜன் தேவையா என்பதே. அறைக் காற்றில் பல்ஸ் ஆக்சிமீட்டர் 94-க்கு மேல் நின்றால் இந்த ஆளுக்குத் தேவையில்லை. மூச்சு ஓடுகிறதா என்று பார்க்க ஆக்சிஜன் கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை. கார்பன் டை ஆக்சைடு அளவிடும் குழாயை மட்டும் மூக்கில் வைத்தால் போதும், அலை ஒழுங்காக ஓடுவது திரையில் தெரியும். மயக்கமும் லேசாக இருக்கட்டும். மிடசோலம் 1 மி.கி. கொடுத்துவிட்டுப் பேசிக்கொண்டே செய்யும் ஆபரேஷன் இது.

ஆக்சிஜன் வேண்டியே வந்தால், 30 சதவீதத்தைத் தாண்டாமல் காற்றோடு கலந்து கொடுப்பது இரண்டாவது வழி. கணக்கு எளிது: 8 லிட்டர் காற்றுக்கு 1 லிட்டர் ஆக்சிஜன். 8 லிட்டரில் உள்ள 1.68 லிட்டர் ஆக்சிஜனும் சேர்த்த 1 லிட்டரும் 9 லிட்டரில் 2.68, அதாவது 29.8 சதவீதம். மயக்க இயந்திரத்தின் ஒய் வடிவ முனையில், பொருந்தும் இணைப்பியைப் போட்டு மூக்குக் குழாயைச் செருகினால் வேலை நடக்கும். சுவரில் உள்ள ஃப்ளோமீட்டரில் நேரடியாகச் செருகினால் வருவது 100 சதவீதம்தான். அதை 1 லிட்டராகக் குறைத்தாலும் குழாய் முனையில் வருவது சுத்த ஆக்சிஜனே.

ஆனால் சின்ன நர்சிங் ஹோம்களில் இன்னும் இருக்கும் பழைய பாயில் வகை மயக்க இயந்திரங்களில் ஆக்சிஜனும் நைட்ரஸ் ஆக்சைடும் மட்டுமே உண்டு, காற்று இணைப்பு கிடையாது. ஆக்சிஜனைக் குறைப்பதற்காக நைட்ரஸைக் கலப்பதில் பயனில்லை. நைட்ரஸும் எரிதலைத் தூண்டும் வாயுதான். அங்கே மீதி இருப்பவை அறைக் காற்று, அல்லது தொண்டைக்குள் வைக்கும் மூச்சுக் கருவியான எல்.எம்.ஏ. போட்டு மூடிய மயக்கம்.

அறைக் காற்றில் ஆக்சிமீட்டர் தாங்காத நோயாளிக்கு, அல்லது ஆழ்ந்த மயக்கம் தேவைப்படுபவருக்கு, முதலிலேயே எல்.எம்.ஏ. அல்லது டியூப் போட்டுவிடுவதே சரி. மயக்க மருந்து கூடுதல், நேரம் கூடுதல், செலவு கூடுதல். ஆனாலும் துணிக்கு உள்ளே 4 லிட்டர் ஆக்சிஜனை ஓடவிட்டு காட்டரியை அழுத்துவதற்கு அது பல மடங்கு மேல். நடுவில் ஆக்சிமீட்டர் இறங்க இறங்க ஆக்சிஜனைக் கூட்டிக்கொண்டே போவதுதான் நான் பார்க்கும் வழிகளிலேயே மோசமானது.

ஸ்பிரிட்டா, தண்ணீர்க் கரைசலா?

கிருமியை ஒழிப்பதில் ஆல்கஹாலுக்குத்தான் பலம். ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடினையும் போவிடோன் அயோடினையும் ஒப்பிட்டு 2010-இல் வெளிவந்த ஆய்வில், புண்ணில் தொற்று முதலாவதில் 9.5 சதவீதம், இரண்டாவதில் 16.1 சதவீதம். அது குடல், பித்தப்பை போன்ற, கிருமி வாய்ப்புள்ள ஆபரேஷன்களில். அந்த இடத்தில் ஆல்கஹாலை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதே என் கருத்து. கழுத்தில் 3 செ.மீ. சுத்தமான வெட்டுக்குத் தொற்று வாய்ப்பே மிகக் குறைவு. அங்கே கிடைக்கும் லாபம் சிறியது, தீயின் விலை பெரியது. கண்ணுக்கும் காதுக்கும் அருகே குளோர்ஹெக்சிடின் தவிர்க்கப்படுவதும் இருக்கிறது. கருவிழியைக் கெடுக்கும், நடுச்செவியில் புகுந்தால் கேட்கும் திறனைப் பாதிக்கும். ஆகவே இந்த ஆளுக்குத் தண்ணீரில் கரைத்த 10 சதவீத போவிடோன் அயோடினே, அதாவது பெட்டடினே என் தேர்வு. பழுப்பு நிறமாக இருப்பதால் எங்கே தடவினோம் என்பதும் தெரியும். அதுவும் உலர சில நிமிடம் கொடுத்தால்தான் வேலை செய்யும்.

இங்கே பலரும் ஏமாறும் ஓர் இடம் உண்டு. "நாங்க பெட்டடின்தான் போடறோம்" என்று சொல்லும் தியேட்டர்களில் வரிசையைக் கவனித்துப் பாருங்கள்: முதலில் சோப்புக் கரைசல், அப்புறம் ஒரு கை ஸ்பிரிட், கடைசியில்தான் பெட்டடின். அந்த நடுக் கைதான் எரிபொருள். மேலே பூசிய பெட்டடின் ஈரம் அடியில் இருக்கும் ஸ்பிரிட்டை மறைத்துவிடும். பாட்டில் லேபிளிலும் ஐசோப்ரோபைல், எத்தனால் என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். ஆல்கஹாலில் கரைத்த அயோடின் வகைகளும் உண்டு.

70 சதவீத ஆல்கஹால் கரைசலின் ஆவி 17, 18 டிகிரி செல்சியஸிலேயே பற்றக்கூடியது. தியேட்டர் ஏசி 21 டிகிரியில் ஓடினாலும் அது எரியத் தயாராகத்தான் இருக்கிறது. ஆல்கஹால்தான் போட வேண்டும் என்று முடிவானால் அளவும் நேரமும் முக்கியம். கிண்ணத்தில் ஊற்றிப் பஞ்சை ஊறவைத்துத் தடவினால் வழியும். வழிந்தது காறை எலும்புக்கு மேல் உள்ள குழியிலும், தோளுக்கு அடியில் சுருட்டி வைத்த துண்டிலும், தலையணைக்குக் கீழ் விரிப்பிலும் தங்கும். தோல் காய்ந்துவிட்டதே என்று துணியைப் போர்த்தினால், நனைந்த துண்டு உள்ளேயே ஆவியை விட்டுக்கொண்டிருக்கும். ஒற்றைத் தடவைக்கான சிறிய அப்ளிகேட்டர் நல்லது. இருபக்கமும் துண்டு செருகி, தடவி முடித்ததும் அவற்றை உருவி எடுத்து, குழியில் இருப்பதை ஒற்றி, குறைந்தது 3 நிமிடம் கடிகாரம் பார்த்து, அதற்குப் பிறகுதான் துணி போர்த்த வேண்டும். அது முடியில்லாத தோலுக்கு. முடி நனைந்தால் உலர ஒரு மணி நேரம் வரை ஆகலாம். ஆகவே மயிர்க்கரையைத் தொடவே கூடாது. கரையோர முடியிலும் தாடியிலும் தண்ணீரில் கரையும் ஜெல்லியைத் தடவிவிட்டால் எளிதில் பற்றாது.

மோனோபோலரா, பைபோலரா?

பென்சில் போன்ற மோனோபோலர் காட்டரியில் மின்சாரம் முனையிலிருந்து உடல் வழியாகத் தொடையில் ஒட்டிய பிளேட்டுக்குப் போகிறது. முனைக்கும் திசுவுக்கும் இடையே பொறி பாய்கிறது. பைபோலரில் மின்சாரம் இடுக்கியின் இரண்டு முனைகளுக்கு இடையில் மட்டும் ஓடும். சக்தி குறைவு, பொறி குறைவு. தீ வாய்ப்பு பூஜ்யம் இல்லை, ஆனாலும் வித்தியாசம் பெரிது. கழுத்தின் பின்பகுதியில் தோளைத் தூக்கும் நரம்பும் மெல்லிதாக ஓடுகிறது. வெப்பம் அதிகம் பரவாத பைபோலர் அதற்கும் நல்லது. வேகமாக வேலை முடியும் என்பதைத் தவிர, இந்தக் கேஸில் மோனோபோலருக்குச் சொல்ல எனக்கு வேறு நியாயம் தெரியவில்லை. பெரும்பாலும் கத்தி, கத்தரி, நூல் கட்டு இவையே போதும். 2,00,000-க்கு ஒன்று அட்ரினலின் கலந்த 1 சதவீத லிக்னோகெயின் மரத்துப்போகும் ஊசியை 15 மி.லி. செலுத்தினால் லிக்னோகெயின் 150 மி.கி. ஆகும், அந்த எடைக்குப் பாதுகாப்பான வரம்புக்குள். ஏழெட்டு நிமிடம் பொறுத்து வெட்டினால் ரத்தக் கசிவும் குறையும்.

மோனோபோலர் வேண்டியே ஆனால், பயன்படுத்தாத நேரம் முழுக்க அது உறையில் இருக்கட்டும், நோயாளியின் நெஞ்சின்மேல் வேண்டாம்.

இந்த ஆளுக்கு ஒரு வரிசை

வெட்டும் முன் மூன்று கேள்வி: இடம் மார்பெலும்பு முனைக்கு மேலா, ஆக்சிஜன் திறந்து ஓடுகிறதா, பொறி தரும் கருவி வருகிறதா? மூன்றும் ஆம் என்றால் ஆபத்து உச்சம். இந்த ஆளுக்கு அறைக் காற்று, தண்ணீர்க் கரைசல், பைபோலர் என்று வைத்தால் இடத்தைத் தவிர எல்லாம் இறங்கிவிடுகிறது. முகத்துத் துணியைப் பந்தல் போல உயர்த்தி, மயக்க மருத்துவர் பக்கம் திறந்து வைத்தால் கசியும் வாயு வெளியே போகும்.

நடுவில் ஆக்சிமீட்டர் இறங்கி ஆக்சிஜன் தொடங்கிவிட்டால், அந்த உரையாடல் இப்படிப் போக வேண்டும்:

"மேடம், ஒரு ரத்தக் குழாய் பிடிக்கணும், பைபோலர் எடுக்கப் போறேன்."

"நில்லுங்க சார், ஆக்சிஜன நிறுத்தறேன். ஒரு நிமிஷம்."

அந்த ஒரு நிமிடம் குறைந்தபட்சம். கழுத்தடியில் தேங்கியது கலைய அதற்கு மேலும் ஆகலாம். அதுவரை ஈரத் துணியை அழுத்திப் பிடித்தால் ரத்தம் நிற்கும்.

பற்றிவிட்டால்

ஆல்கஹால் சுடர் வெளிர்நீலம்; தியேட்டர் விளக்கு வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. பஃப் என்ற சத்தம், முடி கருகும் வாடை, துணி பழுப்பாவது முதலில் தெரியும். விழித்திருக்கும் நோயாளி "சூடா இருக்கு" என்று சொன்னால் ஊசி மருந்து போதாமல் சொல்கிறார் என்று நினைத்து இன்னொரு ஊசி போடாதீர்கள். துணியைத் தூக்கிப் பாருங்கள்.

மயக்க மருத்துவர் ஆக்சிஜனை நிறுத்துவதும், சர்ஜன் எரியும் துணியை உருவித் தரையில் போடுவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். கையால் தட்டி அணைக்க முயல வேண்டாம். பக்கத்தில் உள்ள சலைன் கிண்ணத்தை நோயாளியின் மேல் ஊற்றுங்கள். நீர் ஒட்டாத டிஸ்போசபிள் துணியின் மேல் ஊற்றினால் அது வழிந்து போய்விடும், அதனால்தான் உருவுவது முதலில். அடங்காவிட்டால் கார்பன் டை ஆக்சைடு அணைப்பான்; தூள் அணைப்பான் புண்ணிலும் நுரையீரலிலும் தூளை நிரப்பும். சலைன் நிறைந்த கிண்ணம் ஒன்றை மேசையில் எப்போதும் வைத்திருக்கும் பொறுப்பு ஸ்க்ரப் நர்சுக்கு. தீ அணைந்ததும் அடியில் உள்ள விரிப்பையும் சுருட்டிய துண்டையும் உருவிப் பாருங்கள். புகைந்துகொண்டிருக்கும் கனல் அங்கேதான் ஒளிந்திருக்கும்.