மளிகை ஆப் நோட்டிஃபிகேஷன்: எல்லாருக்கும் ஒரே நேரமா, ஆளுக்கு ஒரு நேரமா?

எல்லாருக்கும் சாயங்காலம் 6 மணிக்கு ஒரே ஆஃபரை தள்ளிவிடுறது செட் பண்ண ஈஸி, ஆனா காலைலயே சாமான் வாங்கி முடிச்சவங்களுக்கும் அது போகும், ரெண்டு நாள் பொறுத்துப்பாங்க, அப்புறம் ஆஃப்தான்.

ஆர்டர் ஹிஸ்டரி பாத்து அனுப்புறதுன்னா, ஞாயிறு காலை 9 மணிக்கு வழக்கமா வாங்குறவங்களுக்கு 8 மணிக்கு ஒண்ணு, அதுக்கு முன்னாடியே ஆர்டர் போட்டுட்டா கேன்சல், வாரத்துக்கு ரெண்டு ஆஃபருக்கு மேல கூடாது. என் ஓட்டு இதுக்குத்தான். புது யூசருக்கு ஹிஸ்டரி இருக்காதே, அவங்களுக்கு மட்டும் பொது நேரம்.

எதுவா இருந்தாலும் ஆண்ட்ராய்டுல ஆஃபருக்கும் டெலிவரி அப்டேட்டுக்கும் தனித்தனி சேனல் வைங்க, இல்லன்னா தொல்லை தாங்காம மொத்தமா அணைச்சிடுவாங்க, டெலிவரி தம்பி வாசல்ல நிக்கிறதும் தெரியாது. எத்தனை பேர் கிளிக் பண்ணாங்கன்னு மட்டும் பாக்காம, அனுப்பின அன்னிக்கு எத்தனை பேர் ஆஃப் பண்ணாங்கன்னும் பாருங்க.