பெரிய சொல்லைப் பார்ப்பதா, 'என்று'வைப் பார்ப்பதா?

வீட்டில் எழுதி வந்த கட்டுரை மாணவனுடைய கைதானா என்று சந்தேகம் வந்தால், அவன் வகுப்பில் என் கண் முன்னால் எழுதிய பழைய தாள்களை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். ஆனால் இரண்டையும் வைத்துக்கொண்டு எதை ஒப்பிடுவது? பெரும்பாலான ஆசிரியர்கள் சொல்வளத்தைத்தான் பார்க்கிறார்கள். நானும் பல வருடம் அதைத்தான் செய்தேன். இப்போது முதலில் பார்ப்பது சின்னச் சின்னப் பழக்கங்களை: 'என்று' எழுதுகிறானா, 'என' எழுதுகிறானா, 'ஆனால்' வாக்கியத்தின் தொடக்கத்தில் வருகிறதா, 'தான்' எத்தனை முறை வருகிறது.

ஒரு மாணவனின் தாளை வைத்தே சொல்கிறேன். வகுப்பில் எழுதிய இரண்டு தாள்கள், சேர்த்து 400 சொற்கள். வீட்டுக் கட்டுரை 600 சொற்கள். வீட்டுக் கட்டுரையில் 'நீர்ப்பிடிப்பு', 'படிவு', 'உவர்ப்புத்தன்மை' என்று வரிசையாக வந்தன. வகுப்புத் தாளில் இந்த மாதிரி ஒரு சொல்கூட இல்லை. சொல்வளத்தை மட்டும் பார்த்திருந்தால் அன்றே அவனைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பேன்.

சரி, எண்ணிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. மொத்தச் சொற்களில் எத்தனை வெவ்வேறு சொற்கள் என்ற விகிதத்தைப் பலர் கணக்கிடுவார்கள். வகுப்புத் தாளின் முதல் 200 சொற்களில் 141 வெவ்வேறு சொற்கள், விகிதம் 0.70. வீட்டுக் கட்டுரை முழுவதற்கும் 600-க்கு 352; விகிதம் 0.59. அதாவது வீட்டில் எழுதியதில் சொல்வளம் குறைவு! அப்படியில்லை. எழுத எழுத அதே சொற்கள் திரும்ப வரும், நீளம் கூடினால் விகிதம் தானாக இறங்கும். வீட்டுக் கட்டுரையிலும் முதல் 200 சொற்களை மட்டும் எடுத்தபோது 149 வந்தது, ஏறக்குறைய சமம். தமிழில் இன்னொரு தொல்லையும் உண்டு: 'மழை', 'மழையை', 'மழையால்' மூன்றையும் தனித்தனிச் சொல்லாக எண்ணினால் விகிதம் வீங்கிவிடும். வேர்ச்சொல்லாக எண்ணுவதானால் இரண்டு தாளிலும் அப்படியே எண்ண வேண்டும்.

அப்புறம் பழக்கங்களுக்கு வந்தேன். வகுப்புத் தாள்களில் 'என்று' 9 முறை, 'என' ஒருமுறைகூட இல்லை. வீட்டுக் கட்டுரையில் 'என்று' 13, 'என' இல்லை. 'தான்' முறையே 11, 15. 'ஏனென்றால்' என்று வாக்கியம் தொடங்கும் வழக்கம் இரண்டிலும் இருந்தது. கை அவனுடையதுதான். அந்தப் பெரிய சொற்கள்? நான் படிக்கக் கொடுத்த பாடப் பகுதியிலேயே இருந்தன. சொல் தலைப்போடு வரும், தலைப்போடு போகும். 'என்று' போன்றவற்றை யாரும் யோசித்து எழுதுவதில்லை.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்துப் புனைபெயரில் வந்த 'ஃபெடரலிஸ்ட்' கட்டுரைகளில், எழுதியது அந்நாட்டுத் தலைவர்களான ஹாமில்டனா, மாடிசனா என்று தகராறு இருந்த 12-ஐ ஆராய்ந்து, மாஸ்டெல்லர், வாலஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1964-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களும் சாதாரணச் சொற்களைத்தான் எண்ணினார்கள். 'அப்பான்' என்ற ஆங்கில முன்னிடைச்சொல்லை ஹாமில்டன் ஆயிரம் சொல்லுக்கு ஏறத்தாழ மூன்று முறை எழுதுவார். மாடிசனிடம் அது அபூர்வம். ஆனால் அவர்கள் கையில் ஒவ்வொருவர் எழுதியதும் பல்லாயிரம் சொற்கள் இருந்தன. என்னிடம் 400. அதனால் நான் தீர்ப்பு எழுதுவதில்லை, கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எதிர்மாறாகவும் நடந்தது. ஒரு மாணவியின் கட்டுரையில் எல்லாமே எளிய சொற்கள், சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆனால் மூன்றாவது பத்தியின் 110 சொற்களில் 'என' 5 முறை வந்தது. மற்ற பத்திகளிலும் அவள் வகுப்புத் தாளிலும் 'என்று' மட்டும்தான். அந்தப் பத்தியைத் திருப்பிக் கொடுத்து, "இதில் சொன்னதை உன் வார்த்தையில் சொல்லும்மா" என்றேன். தயங்கிவிட்டு, "இது அண்ணன் எழுதினது மிஸ்" என்றாள்.

பழக்கத்தைப் பார்க்கும் முறைக்கும் ஓட்டை இல்லாமல் இல்லை. வீட்டில் யாராவது திருத்திக் கொடுத்தால் முதலில் போவது 'தான்'தான். வகுப்பில் 'அதை பற்றி' என்று ஒற்றை விட்டு எழுதுகிறவன் வீட்டுத் தாளில் ஒற்றைச் சரியாகப் போட்டிருந்தாலும் அது எதையும் காட்டாது; பிழைதிருத்தி போட்டிருக்கலாம். வாக்கிய நீளத்தையும் நான் பெரிதாக நம்புவதில்லை. மணி அடிப்பதற்குள் முடிக்க ஓடுகிறவன் சின்ன வாக்கியமாகத்தான் எழுதுவான்.

அடிப்படைத் தாள் பழசாகிப்போவதுதான் பெரிய சிக்கல். போன வருடத் தாளை வைத்து இந்த வருடக் கட்டுரையை அளந்தால், வளர்ந்த பிள்ளையெல்லாம் திருடனாகத் தெரிவான். அதனால் பருவத்துக்கு இரண்டு தாள் வகுப்பிலேயே எழுத வைக்கிறேன். ஒன்று அனுபவம், ஒன்று கருத்துக் கட்டுரை. கருத்துக் கட்டுரையைக் கருத்துக் கட்டுரையோடுதான் வைத்துப் பார்ப்பேன்.