மூன்று வருடமாக மாவட்ட வாரியாக நிறம் தீட்டுகிறேன், நண்பர் கேட்டதால் எழுதுகிறேன்

விற்பனையை மாவட்ட வாரியாக ஒரே வரைபடத்தில் காட்ட வேண்டும், எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்க வேண்டும், என்ன செய்வாய் என்று நண்பர் கேட்டார். போனில் சொல்லி முடியாததால் இங்கே எழுதுகிறேன். QGIS என்ற இலவச வரைபட மென்பொருளில் மாவட்ட எல்லைக் கோப்பை ஏற்றுவது, எக்செல் அட்டவணையை அதனோடு இணைப்பது, எண்ணுக்கு ஏற்ப ஷேடு கொடுக்கும் Graduated என்பதைத் தேர்ந்தெடுப்பது வரை உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 30 மாவட்டங்களுக்கும் பெயர், எண்ணிக்கை, சதவீதம் என்று எழுதி வைத்திருந்த பழைய படத்தை யாரும் ஐந்து வினாடிக்கு மேல் பார்த்ததில்லை. எல்லா எழுத்தையும் எடுத்துவிட்டு, ஒரே நிறத்தின் ஐந்து ஷேடுகள், மெல்லிய சாம்பல் எல்லைக்கோடு, மூலையில் ஒரு குறிப்புப் பெட்டி என்று வைத்த அன்று, தெற்குப் பக்கம் மொத்தமாக வெளுத்துக் கிடப்பதை அறையில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். அதே எண்கள்தான் அட்டவணையிலும் இருந்தன, அங்கே யார் கண்ணிலும் படவில்லை.

மொத்த விற்பனையை மட்டும் அப்படியே தீட்டிவிடாதீர்கள். 40 லட்சம் பேர் உள்ள மாவட்டத்தில் 48,000 விற்கிறது, 5 லட்சம் பேர் உள்ள மாவட்டத்தில் 45,000 விற்கிறது என்றால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே ஷேடில் வரும். லட்சம் பேருக்கு எவ்வளவு என்று பார்த்தால் முதலாவது 1,200, இரண்டாவது 9,000. நிறம் கொடுக்கும் இடத்தில் இதைப் போட்டால் போதும்:

```
"sales" * 100000 / "pop"
```

இனி என் கோபத்துக்கு வருகிறேன். மூன்று வருடமாக என்னைப் படுத்துவது ஷேடுகளுக்கு நடுவே உள்ள எல்லைதான். எங்கள் மதிப்புகள் 200 முதல் 9,000 வரை. Equal Interval கொடுத்தால் ஒவ்வொரு பிரிவும் 1,760 அகலம், அதாவது முதல் பிரிவே 1,960 வரை போகிறது, 24 மாவட்டங்கள் அதிலேயே விழுந்து படம் முழுக்க வெளிறிப்போனது. Quantile கொடுத்தால் பிரிவுக்கு ஆறு மாவட்டம், படம் அழகாகத்தான் இருக்கும், ஆனால் 1,480-ம் 1,495-ம் வேறு வேறு ஷேடில் நிற்கும், பார்ப்பவர் அங்கே பெரிய இடைவெளி இருப்பதாக நினைப்பார். எண்களுக்கு நடுவே பெரிய இடைவெளி விழும் இடங்களில் பிரிக்கும் Natural Breaks பரவாயில்லை, ஒரு மாதத்துப் படத்துக்கு மட்டும். அடுத்த மாதம் புது எண்களோடு மறுபடி Classify அழுத்தினால் எல்லைகள் நகர்ந்துவிடும், போன மாதத்து அடர் நீலமும் இந்த மாதத்து அடர் நீலமும் ஒன்றல்ல. அதனால் நானே 500, 1,000, 2,000, 4,000 என்று கையால் வைத்து நிறுத்திக்கொண்டேன். மாதத்துக்கு மாதம் ஒப்பிட வேறு வழி இல்லை.

சரி, நிறுத்தினோம். போன மாதம் அந்த 5 லட்சம் பேர் உள்ள சின்ன மாவட்டம் 47,000 விற்றது, லட்சத்துக்கு 9,400. கடைசிப் பிரிவின் மேல் எல்லையோ பழைய 9,000-லேயே நின்றது. எந்தப் பிரிவிலும் சேராததை மென்பொருள் வரைவதே இல்லை, எச்சரிக்கையும் தராது. மேலாளர் படத்தைப் பார்த்துவிட்டு, "அங்கே நமக்கு விற்பனையே இல்லையா?" என்று கேட்டார். இருப்பதிலேயே நன்றாக விற்ற மாவட்டம் வெள்ளை ஓட்டையாக நின்றது. அந்த ஊர்க்காரர்கள் உழைத்த உழைப்புக்கு இப்படியா?

இதைச் சரிசெய்ய இரண்டு நிமிடம் போதும். கடைசிப் பிரிவின் மேல் எல்லையை 10,00,000 என்று எட்டாத உயரத்தில் வைத்துவிடுங்கள், குறிப்புப் பெட்டியில் மட்டும் "4,000-க்கு மேல்" என்று எழுதுங்கள். அப்புறம் அதே எல்லைக் கோப்பை ஒரே சாம்பல் நிறத்தில் அடியில் இன்னொரு லேயராகப் போடுங்கள். எது விடுபட்டாலும் சாம்பலாகத் தெரியும், வெள்ளை என்று ஏமாற மாட்டீர்கள். சாம்பலாக நிற்கும் மாவட்டத்தின் வரியை, நிறம் தீட்டிய லேயரின் Attribute Table-ல் பாருங்கள்: எண் இருந்தால் எல்லைக்கு வெளியே போயிருக்கிறது, NULL என்றிருந்தால் அட்டவணை இணையவில்லை. இணையாததற்குப் பெரும்பாலும் பெயரின் எழுத்து வேறுபாடோ கடைசியில் ஒரு இடைவெளியோதான் காரணம், அதனால் பெயரை விட்டு மாவட்டக் குறியீட்டு எண்ணால் இணையுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், நீயும் இப்படியே நிறம் தீட்டு என்று நண்பரிடம் சொல்வேனா என்றால், இந்த வாரம் சொல்ல மாட்டேன். மாதாமாதம் ஒவ்வொரு மாவட்டமாகச் சரிபார்க்க உங்களுக்கு நேரம் இல்லையென்றால், பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிய பட்டை வரைபடமே போதும், அதில் முதலிடத்தில் இருப்பவர் காணாமல் போக மாட்டார். நான் அடுத்த மாதமும் நிறம்தான் தீட்டுவேன்.