உப்புக்காற்றில் ஓடும் சுமை ரோபோ: ஃப்யூஸும் வயரும் எப்படித் தாக்குப்பிடித்தன

மண்டைக்காடு பக்கம் ஒரு கயிறு கொட்டகையில் கட்டுகளைச் சுமக்கும் ரோபோ ஒன்றைச் சில வருஷமாகப் பராமரிக்கிறேன். 24 வோல்ட், 250 வாட் கியர் மோட்டார் இரண்டு, எட்டு செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, கம்ப்யூட்டராக ராஸ்பெரி பை 4, தூரம் அளக்க ஒரு லைடார், சக்கரச் சுற்றை எண்ண என்கோடர். அதில் கரண்ட் போகும் பாதையைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம், எட்டினாற்போல் கடல். மிச்சத்தை நீங்களே ஊகிக்கலாம்.

முழுச் சுமையில் ஒரு மோட்டார் 13 ஆம்பியர் சொச்சம் இழுக்கும். சக்கரம் மணலில் சிக்கினால் அது பல மடங்கு ஏறும். அதைத் தடுப்பது ஃப்யூஸின் வேலை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கார் பிளேடு ஃப்யூஸ் தன் அளவைவிட 35 சதவீதம் கூடுதல் கரண்டைப் பத்து நிமிஷம்கூடத் தாங்கலாம், இரண்டு மடங்கானாலும் ஐந்து நொடி வரை இழுத்தடிக்கலாம். அதற்குள் மோட்டார் சுருள் கருகிவிடும். எனவே டிரைவர் போர்டிலேயே உச்சவரம்பை 20 ஆம்பியர் என்று வைத்தாயிற்று. ஃப்யூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. மோட்டாருக்கு 4 சதுர மில்லிமீட்டர் வயர், அதற்கு 25 ஆம்பியர் ஃப்யூஸ். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் போல்ட் போட்டு இறுக்கும் 60 ஆம்பியர் மெயின் ஃப்யூஸ், அங்கே 10 சதுர மில்லிமீட்டர் வயர். முனைக்கும் ஃப்யூஸுக்கும் நடுவே உள்ள வயருக்குக் காவலே கிடையாது, அதனால் அந்தத் தூரம் குறைய வேண்டும்.

பிளேடு ஃப்யூஸ் வாங்கும்போது மேலே 32 வோல்ட் என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் பேட்டரி முழுச் சார்ஜில் 29.2 வோல்ட், சமாளிக்கிறது. 36 வோல்ட் பேட்டரிக்கு இதைப் போடக்கூடாது. உருகிய இடத்தில் பொறி அணையாமல் எரியலாம்.

கம்ப்யூட்டர்தான் அதிகம் படுத்தியது. முதலில் கட்டிக் கொடுத்தவர்கள் 5 வோல்ட் கன்வெர்ட்டரைப் பேட்டரிப் பெட்டிக்குள் வைத்து, அங்கிருந்து ஒன்றரை மீட்டர் தூரத்துக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் வயரை இழுத்திருந்தார்கள். போக வர மூன்று மீட்டர், ஏறக்குறைய 0.12 ஓம். 3 ஆம்பியர் ஓடினால் 0.35 வோல்ட் வயரிலேயே போய்விடும், ராஸ்பெரி பைக்குக் கிடைப்பது 4.65. அது எச்சரிக்கை காட்டும் எல்லை 4.63. இணைப்பான் கொஞ்சம் துருப்பிடித்தாலே கதை முடிந்தது. சந்தேகம் வந்தால் இதை அடித்துப் பாருங்கள்:

```
vcgencmd get_throttled
```

`0x0` வந்தால் நிம்மதி. `0x50000` வந்தால், ஆன் செய்த பிறகு எப்போதோ வோல்டேஜ் இறங்கியிருக்கிறது.

இப்போது 24 வோல்ட்டையே கம்ப்யூட்டர் அருகில் வரை கொண்டுபோய் அங்கே 5 ஆக்குகிறோம். அதே 15 வாட்டுக்கு வயரில் ஓடுவது முக்கால் ஆம்பியருக்கும் கீழே, எனவே 3 ஆம்பியர் ஃப்யூஸே தாராளம். இந்தக் கிளை அவசர நிறுத்த சுவிட்சுக்கு முன்னாலேயே பிரிகிறது. சிவப்புப் பொத்தானை அடித்தால் மோட்டார் மட்டும் நிற்கும், கம்ப்யூட்டர் நினைவோடு இருக்கும். நெகட்டிவ் வயர்கள் எல்லாம் பேட்டரிப் பெட்டியில் ஒரே செப்புப் பட்டையில் தனித்தனியாக வந்து சேர்கின்றன. மோட்டாரின் 40 ஆம்பியர் திரும்பும் வழியில் என்கோடரின் நெகட்டிவையும் கோர்த்தால், சக்கரம் நகராதபோதே எண்ணிக்கை துள்ளும்.

இதெல்லாம் ஒருமுறை சரிசெய்தால் அப்படியே நிற்கும். நிற்காதது ஃப்யூஸ் ஹோல்டர். ஆட்டோ பாகக் கடை ஹோல்டரில் 30 ஆம்பியர் என்று எழுதியிருக்கும், வாலில் வரும் வயரோ மெல்லிசு. ஈரக் கயிற்றுத் தூசி படிந்து உள்ளே பச்சை பூத்ததும், ஃப்யூஸ் போகாமலேயே பிளாஸ்டிக் இளகத் தொடங்கியது. காரணம் எளிது: கவ்வும் இடத்தில் அரை வோல்ட் விழுந்தால் 13 ஆம்பியரில் 6.5 வாட் சூடு, அதுவும் நகக்கண் அளவு இடத்தில். அதிகக் கரண்ட் போகவில்லை, எனவே ஃப்யூஸுக்கு எதுவும் தெரியாது.

குளச்சலில் படகு எஞ்சின் வேலை செய்யும் அண்ணன் ஒருவரிடம் காட்டினேன். வயர் முனையைச் சீவிப் பார்த்துவிட்டு, “ஈயம் பூசின வயரு போடு மக்கா, இது உள்ளுக்குள்ள கறுத்துப் போச்சு” என்றார். அடுத்த முறை மாற்றியபோது அப்படியே செய்தோம். ரப்பர் மூடி உள்ள ஹோல்டர், பசை உள்ள சுருங்கு குழாய். விலை கூடுதல்தான், ஆனால் கறுப்பது குறைந்துவிட்டது.

மழைக்காலம் தொடங்கும்போதும் முடிந்தபிறகும் ரோபோவைச் சுமையோடு ஓடவிட்டு, மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து ஹோல்டரின் இரு பக்க வயரிலும் தொட்டு அளக்கிறேன். எங்கள் 25 ஆம்பியர் ஃப்யூஸில் ஹோல்டரோடு சேர்த்து 100 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் விட்டுவிடுவேன். 200 தாண்டினால் சுரண்டிச் சுத்தம் செய்வதில்லை, ஹோல்டரையே மாற்றிவிடுவேன். சுரண்டினால் பூச்சு போய் இன்னும் சீக்கிரம் பச்சை பூக்கும்.